மடிக்காமல் விட்ட மூலை

செப்டம்பர் 3, புதன்

சுண்டெலிக்கு,

நாளை வியாழக்கிழமை. நீ வந்தால் இது நீ வராத நாலாவது வியாழனாக இருக்காது. வராவிட்டால் நாலாவது.

போனில் அனுப்பிய குரல் செய்திகளை நீ கேட்கவே இல்லை என்று உன் அம்மா சொன்னாள். சரி, அதுவும் நல்லதுதான். எனக்கு போனில் பேசினால் அவசரம் வந்துவிடுகிறது. பேனா என்றால் நிதானமாக இருப்பேன். முப்பத்து நாலு வருடம் சாக்பீஸ் பிடித்த கை, எழுதினால்தான் ஒழுங்காக யோசிக்கும்.

உன் அம்மா உன்னிடம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று சொன்னாளாம். பொய். நூற்று முப்பது, எண்பது. அவளுக்கு நீ வரவேண்டும், அதற்கு என் உடம்பை வைத்து ஒரு கதை கட்டியிருக்கிறாள். அப்படி நீ வருவதில் எனக்கு இஷ்டம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் பேசியது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அதற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் ஒரு விஷயத்தை நீ யோசித்துப் பார். ஒரு பையனைப் பற்றி எனக்குத் தெரிந்த உண்மையை மறைத்துவிட்டு, நாளைக்கு நீ கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், "பாட்டி, தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்க மாட்டாயா?

ஒரு உதாரணம் சொல்கிறேன். உனக்குப் பதினோரு வயது இருக்கும். வியாழக்கிழமை தோறும் உன்னையும் உன் அத்தை பிள்ளைகளையும் என் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து ஒரு கணக்குத் தேர்வு வைப்பேன். குறைந்த மதிப்பெண் வாங்கினால் தாளின் மேல் மூலையை மடித்து, எண் தெரியாதபடி கொடுப்பேன். நீ அதை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பாய். மடித்துத்தான் கொடுத்தேன், ஆனால் மதிப்பெண்ணை மாற்றிப் போட்டேனா? ஒரு தடவைகூட இல்லை. என் அன்பு அப்படி. உண்மையை மறைக்காது.

மேல் பல்செட்டு இடது பக்கம் ஈறில் உறுத்துகிறது. நீ செய்ததாயிற்றே, வேறு யாரிடமும் காட்ட மனசு வரவில்லை. நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உன் பாட்டி

*

செப்டம்பர் 8

பாட்டிக்கு,

என்னை அந்தப் பெயரால் கூப்பிட வேண்டாம். கொஞ்ச நாளைக்காவது.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "வருத்தப்படுகிறேன்" என்று ஒரு வாக்கியம். அதற்கு அடுத்த வார்த்தையே "ஆனால்". அந்த ஆனாலுக்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க நீங்கள் செய்தது சரி என்று இருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் டீச்சர், இதற்கு எத்தனை மதிப்பெண்?

உங்களுக்கு என்ன நடந்தது என்பதே மறந்துவிட்டது போல. நான் ஞாபகப்படுத்துகிறேன். மேசையைச் சுற்றி உங்களைத் தவிர பதினோரு பேர். அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அத்தை, மாமா. அந்தப் பக்கம் நான் கட்டிக்கொள்ளப் போகிறவருடைய அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். பிறகு அவரும் நானும். முதல் தடவையாக இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்த நாள். பதிவுத் திருமணம் அக்டோபர் பத்தாம் தேதி என்று அப்போதுதான் சொல்லி முடித்தேன். கல்யாணம் முடிந்து பத்து நாளில் இருவரும் வேறு ஊருக்குப் போகிறோம், அவர் கம்பெனி அங்கே நாற்பது மாடிக் கட்டடத்துக்கு லிஃப்ட் போடுகிறது, எனக்கும் அங்கே ஒரு பல் லேபில் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் அம்மா, "என் பையன் யாரையும் ஏமாத்தத் தெரியாதவன்மா, நீ தைரியமா போகலாம்" என்றார்.

அப்போது நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "இவனை எனக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு, மூணாவது பெஞ்சு, சன்னல் ஓரம். பின்னத் தேர்வுல பக்கத்துப் பையனைப் பாத்துக் காப்பி அடிச்சு மாட்டினவன். முட்டை போட்டேன். பன்னெண்டு வயசுல பாத்து எழுதுறவன் முப்பத்தொண்ணுல எதைப் பாத்து எழுதுவான்னு யாருக்குத் தெரியும்?" என்றீர்கள்.

சித்தப்பா சிரித்தார். அதுதான் எனக்கு இன்றுவரை காதில் இருக்கிறது. என் மாமியாராகப் போகிறவர் அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டதை விட்டு எழுந்து போகக்கூடாதே என்று உட்கார்ந்திருந்தார். அவர் மகன் தலை குனிந்தவர் நிமிரவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதிவு அலுவலகப் படிவத்தில் இரண்டு சாட்சிகள் பெயர் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரமே முதல் சாட்சியாக உங்கள் பெயரை எழுதியிருந்தேன். அன்று சாப்பிட்ட பிறகு உங்களிடம் காட்டலாம் என்று பையில் வைத்திருந்தேன். சாட்சியை மாற்றுவதென்றால் செப்டம்பர் முப்பதுக்குள் மாற்ற வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். மாற்றலாம் என்றுதான் இருக்கிறேன்.

பல்செட்டை நீங்களாக எதுவும் செய்யாதீர்கள். லேபுக்குக் கீழே இருக்கும் டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் பேத்தி

*

செப்டம்பர் 11

பேத்திக்கு,

சரி, அந்தப் பெயர் வேண்டாம்.

சாட்சி விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். இதையேதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. சாட்சி என்றால் என்ன? பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதானே? எனக்குத் தெரிந்ததை விழுங்கிவிட்டு, "இந்தப் பையன் நல்லவன்" என்று கையெழுத்துப் போட்டால் அது என்ன சாட்சி? நான் சொன்னது பொய் என்று நீயும் எழுதவில்லை, அவனும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தான். தப்பு செய்யாத பிள்ளை தலையைக் குனியாது. அதை எத்தனையோ வகுப்பில் பார்த்தவள் நான்.

எனக்கு மாணவர்கள் மறப்பதில்லை, உனக்கே தெரியும். கடைத்தெருவில் நரைத்த தலையோடு ஒருவர் வந்து நின்றால்கூட "கடைசி பெஞ்சு, இடது பக்கம்" என்பேன். அவர் ஆடிப்போவார்.

நேற்று லிஃப்ட் நின்றுவிட்டது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. முன்பு நீ மாட்டிக்கொண்டு, அவனை முதன்முதலில் பார்த்த அதே இடம். அன்று நீ உள்ளே இருந்து கத்தினாய். வெளியே இருந்து ஒரு குரல், "காத்து வருது, கவலைப்படாதீங்க, கதவை மட்டும் தள்ளாதீங்க" என்றது. நான் நாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு அந்தக் குரலுக்கு நான்தான் காபி கொடுத்தேன். பாழாய்ப்போன லிஃப்ட்.

நேற்றும் அவனேதான் வந்தான். மஞ்சள் பலகையை வாசலில் வைத்துவிட்டு, மொட்டைமாடி இயந்திர அறைக்குப் படியேறிப் போனான். என் கதவைக் கடக்கும்போது, "வணக்கம் டீச்சர்" என்றான். நான் தலையை ஆட்டினேன். அதற்கு மேல் என்ன பேச? திரும்பி இறங்கும்போது, "கதவு மூடுற பக்கம் ஒரு பாகம் தேஞ்சிடுச்சு, வரவழைக்கணும். அதுவரைக்கும் ஓடும். ஆனா சாமானோட ஏறாதீங்க" என்றான். அவ்வளவுதான். அடுத்த வாரம் மறுபடி வருவானாம்.

பல்செட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நகம் தேய்க்கும் அரத்தால் உறுத்துகிற இடத்தைக் கொஞ்சம் தேய்த்தேன். இப்போது பரவாயில்லை.

பாட்டி

*

செப்டம்பர் 14

பாட்டிக்கு,

நகம் தேய்க்கும் அரமா?

அந்தப் பல்லுக்கு நான் மெழுகில் மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் சிரித்தால் பழைய மாதிரி முன்பல் கொஞ்சம் கோணலாகத் தெரிய வேண்டும் என்று ஒரு பல்லை வேண்டுமென்றே திருப்பி வைத்தேன். அதை எடுத்து அரத்தால் தேய்த்திருக்கிறீர்கள். எந்த இடம் உறுத்துகிறது என்று கண்ணாடியில் பார்த்தெல்லாம் தெரியாது. பல்செட்டின் உள்பக்கத்தில் ஒரு பசை தடவி வாயில் வைத்து எடுத்தால், அழுத்துகிற இடத்தில் மட்டும் பசை விலகிக் காட்டும். அங்கே மட்டும்தான் தேய்க்க வேண்டும். நீங்கள் தப்பான இடத்தைத் தேய்த்திருந்தால் பல்செட்டு தளர்ந்து, இன்னும் இரண்டு இடத்தில் புண்ணாகும். நிறுத்துங்கள். நான் சண்டையில் இருக்கிறேன் என்பதற்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மற்றதற்கு வருகிறேன்.

அவர் காப்பி அடித்தாரா இல்லையா என்று நான் கேட்கவே இல்லை. எனக்கு அது வேண்டாம். பன்னிரண்டு வயதில் நான் செய்ததை எல்லாம் நீங்கள் என் மாமியார் முன்னால் பட்டியல் போட்டால் நானும் தலையைக் குனிவேன்.

அவர் அம்மா இப்போது வாரம் ஒரு தடவை எனக்குப் போன் செய்கிறார். "உங்க பாட்டி மனசு சமாதானம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்கிறார். அவமானப்பட்டவர் அவர், கவலைப்படுபவரும் அவர். நான் என்ன பதில் சொல்வது?

லிஃப்ட் ரிப்பேருக்கு வருபவரைப் படிக்கட்டில் நிறுத்தி எதுவும் கேட்காதீர்கள். அது அவர் வேலை செய்யும் இடம். தட்டிக்கழித்துவிட்டுப் போகவும் முடியாது.

உங்கள் பேத்தி

*

செப்டம்பர் 19, வெள்ளி

என் செல்லத்துக்கு,

கேட்டுவிட்டேன். நீ திட்டுவாய். கேட்காமல் இருக்க முடியாதபடி ஆகிவிட்டது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன் கடிதம் வந்ததும் கோபத்தில், "இதோ, எழுத்திலேயே காட்டுகிறேன்" என்று பரணில் இருந்த பெட்டியை இறக்கச் சொல்லிப் பழைய மதிப்பெண் நோட்டுகளை எடுத்தேன். அந்த வருடத்து ஏழாம் வகுப்பு நோட்டு, மட்டை பிய்ந்து இருந்தது. பின்னத் தேர்வு. விரலை வைத்துக்கொண்டே இறங்கினேன். அவன் பெயருக்கு நேரே இருபத்தைந்துக்குப் பதினாலு. முட்டை இல்லை. முட்டை அதற்கு நாலு பெயர் கீழே, வேறொரு பையனுக்கு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பதினாலுதான்.

எப்படி இந்தத் தப்பு வந்தது என்பதும் அதே நோட்டில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை வகுப்பில் பெஞ்சு மாற்றுவேன். பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் பின்னாலேயே இருந்துவிடக் கூடாது என்று. கடைசிப் பக்கத்தில் மாதாமாதம் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். தேர்வு நடந்த மாதம் மூன்றாவது பெஞ்சு சன்னல் ஓரம் அந்த முட்டை வாங்கின பையன். அடுத்த மாதம் அங்கே வந்தவன் உன்னவன். எனக்கு முகம் ஞாபகம் இல்லை, இடம்தான் ஞாபகம் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் கடைசியாகப் பார்த்த முகத்தை ஒட்டவைத்துவிட்டேன். கடைத்தெருவில் எத்தனை பேரை இப்படித் தப்பாகச் சொல்லியிருக்கிறேனோ? மரியாதைக்கு ஆடிப்போன மாதிரி நடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நேற்று அவன் பாகம் மாட்ட வந்தான். கதவைத் திறந்துவைத்து நோட்டோடு நின்றேன். "பதினாலு மார்க்கு வாங்கியிருக்கே. அன்னைக்கு ஏன்பா வாயைத் திறக்கல?" என்றேன்.

அவன் கையில் இருந்த ஸ்பேனரை இடுப்பில் சொருகிக்கொண்டு நோட்டைப் பார்த்தான். "எனக்கே ஞாபகம் இல்ல டீச்சர். நான் இல்லன்னு எப்படிச் சொல்றது? அதுவுமில்லாம..." என்று இழுத்தான்.

"அதுவுமில்லாம?"

"நீங்க பிடிச்சது நான் இல்ல. ஆனா பிடிக்காம விட்டதுல நான் நிறைய தடவை இருந்திருக்கேன். இந்தப் பதினாலுலயே நாலு மார்க்கு எனக்கு முன்னாடி பெஞ்சோடது."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவனுக்கும். மூன்றாவது மாடிக்காரர் எட்டிப் பார்த்து, "லிஃப்ட் ஓடுதா, இல்ல அரட்டையா?" என்று கேட்டார்.

ஆகவே, ஆனால் எதுவும் போடாமல் எழுதுகிறேன். நான் சொன்னது தப்பு. அவன் காப்பி அடித்து மாட்டவில்லை. மன்னித்துவிடு. தப்பைக் கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இனி ஒன்றும் தடையில்லை. இந்த வியாழன் வருவாய் அல்லவா? அவனையும் கூட்டிக்கொண்டு வா.

பாட்டி

*

செப்டம்பர் 22

பாட்டிக்கு,

அவர் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்க பாட்டி ஒரு தனிப் பிறவி" என்றார். அவருக்கு மனசு ஆறிவிட்டது. அவர் நல்லவர், சீக்கிரம் ஆறிவிடும்.

எனக்கு ஆறவில்லை. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன். லேபில் மெழுகை உருக்கிக்கொண்டே யோசித்து, ஒரு கடைவாய்ப் பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன். கூட வேலை செய்பவள், "யாரைக் கடிக்க இந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு கேள்விதான் பாட்டி. அந்த நோட்டில் முட்டை அவர் பெயருக்கு நேரே இருந்திருந்தால்?

அப்போது அந்த மேசையில் நீங்கள் செய்தது சரியாகிவிடுமா? அவர் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தது சரியா? சித்தப்பா சிரித்தது சரியா? நீங்கள் மன்னிப்புக் கேட்டிருப்பது தப்பான பையனைச் சொன்னதற்கு. எனக்கு வலித்தது அது இல்லை. இப்போதும் உங்களுக்கு அது தப்பான விடை மட்டும்தான். திருத்தி எழுதிவிட்டு, "முடிந்தது, வா" என்கிறீர்கள். வியாழக்கிழமை நான் வந்து உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள்.

அன்றைக்கு நீங்கள் அந்தச் சின்ன வயசு விஷயத்தை எடுத்தது, நான் ஊரைவிட்டுப் போகிறேன் என்று சொன்ன அதே நிமிடத்தில். அதற்கு முன் ஒரு மணி நேரம் அவரோடு லிஃப்ட், மழை, முழங்கால் என்று நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். இதை நீங்கள் யோசித்தீர்களா?

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. அன்று காலை பதிவு அலுவலகத்துக்குப் போகிறேன். பதிலை உங்களுக்குத் தெரிந்தபடி எழுதுங்கள். எனக்குப் பிடித்தபடி வேண்டாம்.

உங்கள் பேத்தி

*

செப்டம்பர் 25, வியாழன்

என் கண்ணுக்கு,

உன் கேள்விக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொண்ட பதில்: ஆமாம், சரிதான். முட்டை அவனுடையது என்றால் நான் சொன்னது சரிதான். உண்மையைச் சொல்லச் சொன்னாய், அதனால் இதையும் எழுதுகிறேன்.

நேற்று அந்த நோட்டைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். நடுவில் ஒரு விடைத்தாள் இருந்தது. யாரோ வராத பிள்ளையுடையது, திருப்பிக் கொடுக்காமலே தங்கிவிட்டது. மேல் மூலை மடித்திருந்தது. இத்தனை வருடமாக மடிப்பு கலையாமல் அப்படியே இருக்கிறது.

அந்த முட்டை வாங்கின பையனுக்கும் நான் அப்படித்தான் கொடுத்தேன். மூலையை மடித்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஒருவருக்கும் தெரியாது. பெற்றோரைக்கூடக் கூப்பிடவில்லை. சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தேர்வுல உன் விடையை எனக்குக் காட்டு" என்று மட்டும் சொன்னேன். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை நான் வகுப்பின் முன்னால் படித்ததில்லை. வேறு ஆசிரியர்கள் படிப்பார்கள். அவர்களோடு அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மடித்துக் கொடுத்தவள், முப்பத்தொரு வயது மனிதனுக்கு அவனைப் பெற்றவள் முன்னால் விரித்துக் காட்டினேன். முட்டை யாருடையது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உன் கேள்வி எனக்கு இப்போதுதான் புரிந்தது.

ஏன் செய்தேன் என்பதும் தெரியும். நீ சொன்ன நிமிடம் சரிதான். நீ ரயிலைப் பற்றிச் சொன்னாய், பதினோரு மணி நேரப் பயணம் என்றாய். நான் மனசுக்குள் வியாழக்கிழமைகளை எண்ண ஆரம்பித்தேன். ஆகஸ்டில் மூன்று, செப்டம்பரில் நாலு, அக்டோபரில் இரண்டோ மூன்றோ. அதற்கு மேல் எண்ண எதுவும் இல்லை. எதையாவது சொல்லி நிறுத்த வேண்டும் போல இருந்தது. கையில் கிடைத்தது அவன். உன்னை அனுப்ப மனசில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். அது வெட்கமாக இருந்தது. அவனை மட்டம் தட்டுவது சுலபமாக இருந்தது.

போகாதே என்று இப்போதும் சொல்லப் போவதில்லை. வியாழக்கிழமையை என்ன செய்வது என்பது என் கணக்கு. நீ போட்டுத் தர வேண்டாம்.

கீழே இருப்பதை நேற்று மத்தியானமும் இன்று காலையும் உட்கார்ந்து எழுதினேன். மேசையில் இருந்த பதினோரு பேருக்கும், வீட்டுக்கு ஒன்றாக இல்லை, ஆளுக்கு ஒன்றாக. எல்லோருக்கும் ஒரே வாசகம். உன் பிரதி இது:

"ஆகஸ்ட் பத்தாம் தேதி மதியம் உங்கள் முன்னால் நான் ஒருவரைக் காப்பி அடித்தவர் என்று சொன்னேன். அது உண்மை அல்ல. என் மதிப்பெண் நோட்டு அதைக் காட்டுகிறது. உண்மையாக இருந்திருந்தாலும் அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் பேத்தி தூரமாகப் போவது தாங்காமல், அந்தக் கோபத்தை விருந்தாளியாக வந்தவர்மேல் காட்டினேன். அவரிடமும், அவர் தாயாரிடமும், என் பேத்தியிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். எந்தப் பதிலும் எதிர்பார்க்கவில்லை."

அவன் அம்மாவுக்கு உள்ளதை மட்டும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பஸ். கதவைத் திறந்தவர் என்னை வாசலிலேயே நிற்க வைத்துப் படித்தார். படித்து முடித்து மடித்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார்.   புறப்படும்போது, "படி பாத்து இறங்குங்க" என்றார்.

தபாலில் போடும் முன் உன் அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அம்மா, குடும்ப மானத்தை ஏம்மா தபால்ல போடுற? எல்லாரும் மறந்துட்டாங்க!" என்கிறாள். மறக்கவில்லை, மறந்த மாதிரி இருக்கிறார்கள் என்றேன். உன் சித்தப்பா கையில் இன்னும் கிடைத்திருக்காது. சிரித்தவனுக்குப் படிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

முப்பதாம் தேதி நீ என்ன செய்தாலும் அது உன் முடிவு. காரணம் கேட்க மாட்டேன்.

பாட்டி

அரத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது வலது பக்கமும் உறுத்துகிறது. நீ சொன்னபடியே ஆயிற்று. சாப்பிடும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

*

செப்டம்பர் 29, திங்கள்

பாட்டிக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் படிக்கக் கூடாது என்று பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டேன்.

அவர் அம்மா உங்கள் தாளை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாராம். "எதுக்கும்மா அங்க?" என்று அவர் கேட்டதற்கு, "வேற யாரும் படிக்க வேண்டாம்" என்றாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். சித்தப்பாவின் சிரிப்பு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். போன வியாழன்களைத் திருப்பித் தரவும் முடியாது. அக்டோபர் இருபதாம் தேதி ரயில். அது மாறவில்லை.

பல்லுக்கு வருவோம். சாப்பிடும்போது மட்டும் போட்டுக்கொண்டு மற்ற நேரம் கழற்றி வைத்தால் புண் ஆறிவிடும். ஆறிவிட்டால் எங்கே உறுத்தியது என்று டாக்டருக்குத் தெரியாது. அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் காட்டுவதற்கு முந்தின நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். இரவு கழற்றுங்கள். காலையில் எழுந்ததும் மறுபடி போட்டுவிடுங்கள். வலிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். பத்து மணிக்கு நான் வந்து கூட்டிப் போகிறேன். லிஃப்டில் இறங்கலாம். பாகம் மாட்டியவர் உத்தரவாதம் கொடுக்கிறார்.

பதிவு அலுவலகத்துக்கு நாளை போக வேண்டியதில்லை என்று இன்று மத்தியானம் முடிவு செய்தேன். படிவத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மேல் மூலையை மடித்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள்.

சுண்டெலி

*

அக்டோபர் 1, புதன்

சுண்டெலிக்கு,

இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை கையிலேயே கொடுத்துவிடுவேன்.

உன் உறை காலையில் வந்தது. மாடிப்படிக்கு எடுத்துக்கொண்டு போய், நாலாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் உட்கார்ந்து பிரித்தேன். நீ உட்காரும் படி அதுதானே? முழங்கால் மடக்க முடியவில்லை, நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்றாவது மாடிக்காரர் மேலே வந்தவர், "என்ன டீச்சர், விழுந்துட்டீங்களா?" என்று பதறினார். ரிசல்ட்டு பார்க்கிறேன் என்றேன்.

முதல் சாட்சி, என் பெயர். உறவு, பாட்டி. உன் கையெழுத்து, ஆகஸ்ட் முதல் வாரத்துத் தேதி. அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை.

மூலையை மறுபடி மடித்து வைத்திருக்கிறேன்.

காலை ஏழு மணியிலிருந்து பல்செட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் வலிக்கிறது. கழற்றவில்லை.

பாட்டி